மின்னல் வைத்த படம்

லோகேஸ்வரன் முதலில் கேட்டது வானவில்தான். பாயிஸாதான் அது வேண்டாம் என்று சொன்னாள்.

கண்டி நகரில், கொழும்பு வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது செல்லச்சாமியின் ஸ்டூடியோ. படம் பிடிப்பது செல்லச்சாமி. பிடித்த படங்களைக் கணினியில் திருத்தி, அல்பம் அடுக்கி, பெரிதாக அச்சடிக்கக் கொடுப்பது பாயிஸா. குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். பருவை மறைப்பாள், பாதி மூடிய கண்ணைத் திறப்பாள், கலியாண மேடையில் குறுக்கே வந்த மாமனின் கையை அழிப்பாள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அண்ணனைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. செய்தது தெரியக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. செல்லச்சாமிக்கு அது பெருமை, சில நேரம் எரிச்சலும்கூட, ஏனென்றால் ஒரு படத்தை எடுத்தால் அவள் இலேசில் விடமாட்டாள்.

லோகேஸ்வரன் அம்பிட்டியவைச் சேர்ந்தவன். பேராதனைப் பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கடையில் திருத்த வேலை. ஆவணியில் கலியாணமாகி இருந்தது. பெண் சுகந்தினி, மடுல்கெல்ல தோட்டத்துப் பிள்ளை, கண்டியில் ஒரு தனியார் மருந்தகத்தில் வேலை செய்தாள். கலியாணம் முடிந்த மறுவாரம் செல்லச்சாமி இருவரையும் மடுல்கெல்லைக்குக் கூட்டிப்போய்த் தேயிலைக்கு நடுவே நிற்கவைத்துப் படம் பிடித்திருந்தார். அன்று பின்னேரம் மழை கட்டிக்கொண்டு நின்றது. அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தலைத் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோய் மாட்ட வேண்டும் என்பது லோகேஸ்வரனின் ஆசை. சுகந்தினிக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான்.

அவன் தெரிந்தெடுத்த படத்தில் இருவரும் ஒரு பாறைமேல் நின்றார்கள். பின்னால் கீழே இறங்கும் தேயிலை, அதற்கப்பால் ஒரு மலைத்தொடர், அதற்குமேல் கருத்த வானம். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வானம் வெறிச்சென்று கிடக்கிறது, அதில் ஒரு வானவில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான்.

பாயிஸா படத்தின் இடது ஓரத்தைச் சுட்டிக் காட்டினாள். மேகத்துக்கும் மலைக்கும் நடுவே கீற்றாக வெயில் தெரிந்தது. இருவருடைய தலைமுடியின் ஓரத்திலும் அதே வெயில் பொன்னிறமாகப் பட்டிருந்தது.

"சூரியன் உங்களுக்குப் பின்னால ஈக்குது தம்பி. வானவில் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். அன்டைக்கு வந்திருந்தா, முதலாளி கேமராவைப் பிடிச்சிட்டு நின்டாரே, அவருக்கு முதுகுப் பக்கம் வந்திருக்கும்."

யார் அதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று அவன் கேட்டான். காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ சரியில்லை என்று படும் என்றாள் பாயிஸா. அதோடு இது தூரத்திலிருந்து இழுத்துப் பிடித்த படம். இதற்குள் அகப்படும் வானம் கொஞ்சம்தான். உண்மையான வானவில்லில் ஒரு துண்டுதான் இதில் கொள்ளும், முழு வளைவைக் குறுக்கி வைத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அவன் முகம் வாடியதைக் கண்டதும் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"இந்த வானத்துக்கு மின்னல்தான் பொருந்தும்" என்றாள். "அது எந்தப் பக்கமும் வரலாம்."

லோகேஸ்வரனுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று.

முதல் தடவை பாயிஸா அவசரத்தில் செய்தாள். இணையத்திலிருந்து கறுப்புப் பின்னணியில் ஒரு மின்னலை இறக்கி, கலியாணப் படத்துக்குமேல் தனி அடுக்காக வைத்து, கறுப்பெல்லாம் மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும்படி மாற்றினாள். போட்டோஷொப்பில் அது ஒரு நிமிட வேலை. லோகேஸ்வரன் மதிய இடைவேளையில் வந்து பார்த்தான். அவனுக்குக் குறை சொல்ல மனமில்லை. ஆனாலும், வானத்தில் வெள்ளை நூலை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் சொன்னது சரிதான் என்று பாயிஸாவுக்கும் தெரிந்தது.

செல்லச்சாமி முன்பொரு முறை ஸ்டூடியோ மொட்டைமாடியில் கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, ஹந்தானை மலைக்குமேல் விழுந்த மின்னல்களைப் பிடித்திருந்தார். பாயிஸா அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மின்னலின் நடுத்தண்டு ஒரே பருமனில் இல்லை. கிளைகள் எல்லாம் கீழ்நோக்கியே பிரிந்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து மங்கின. முக்கியமானது இன்னொன்று. மின்னல் புறப்படும் இடத்தில் மேகம் உள்ளுக்குள் விளக்கேற்றின மாதிரி வெளுத்திருந்தது. அவள் வைத்த மின்னலைச் சுற்றி மேகம் அசையாமல் கருப்பாகவே கிடந்தது. அதனால்தான் அது நூலாகத் தெரிந்தது.

செல்லச்சாமியின் மின்னல்களில் ஒன்றையே எடுத்தாள். வெயில் கீற்றுக்கு எதிர்ப்புறம், வலதுபக்கம் மேகம் மிகக் கருத்திருந்த இடத்தில் வைத்தாள். அதன் அடி தேயிலைக்கு முன்னால் வராமல் மலைத்தொடருக்குப் பின்னால் போகும்படி, மலையின் விளிம்பை ஒட்டி மறைத்தாள். நடுத்தண்டை வெள்ளையாகவே விட்டு, அதே மின்னலின் இன்னொரு பிரதியை மங்கலாக்கி, இலேசான ஊதா கலந்து அடியில் பரப்பினாள். புறப்படும் இடத்து மேகத்தை மெல்லிய தூரிகையால் உள்ளிருந்து வெளிறச் செய்தாள். மலையடிவாரத்தில் மழை திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மின்னலைக் கொஞ்சம் மங்கவிட்டாள், தூரத்துப் பொருள் அப்படித்தானே தெரியும். முழுப் படத்தையும் ஒரு படி இருட்டாக்கினாள். கடைசியாகச் சுகந்தினியின் வலது தோள்பட்டையில், சேலைக் கரையோரம், இருக்கிறதோ இல்லையோ என்னும்படி ஒரு குளிர்ந்த வெளிச்சக் கோடு. அவ்வளவு தூரத்து மின்னலுக்கு அதுவே கூடுதல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடு இல்லாவிட்டால் மனிதர்கள் வேறு, வானம் வேறு என்று பிரிந்து நின்றது.

லோகேஸ்வரன் வந்து திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தான். பிறகு, இன்னும் கிட்டத்தில் விழுகிற மாதிரி வைக்கலாமா என்று கேட்டான்.

"இதுக்கும் கிட்ட விழுந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் நின்டிருக்க மாட்டீங்க தம்பி" என்றாள் பாயிஸா. அவன் சிரித்தான்.

செல்லச்சாமிக்குப் படம் அவ்வளவு பிடித்தது. லோகேஸ்வரனிடம் அனுமதி கேட்டு ஒரு பிரதி எடுத்து, மாடிப்படி ஏறியதும் கண்ணில் படும் சுவரில் மாட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் இதை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

சுகந்தினி அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தது அந்த வாரத்திலேயேதான். வேலையிடத்தில் அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். தன் கலியாணத்தைப் பிடித்த ஸ்டூடியோதானே என்று படியேறி வந்தாள். பாயிஸா உள்ளே இருந்தாள். வெளியே யாரோ வந்த சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது சுகந்தினி சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கைக்குடையிலிருந்து தண்ணீர் அவள் செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ரகசியம் உடைந்துவிட்டதே என்றுதான் பாயிஸாவுக்கு முதலில் தோன்றியது. கணவர் தீபாவளிக்காகச் செய்யச் சொன்னது, பார்க்காதமாதிரி இருந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அருகில் வந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே அழைத்துப்போய்க் கதிரையில் உட்காரவைத்தாள். செல்லச்சாமி கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். கடையில் வேறு யாருமில்லை.

சுகந்தினி, அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். ஏன் என்று பாயிஸா கேட்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னாள்.

"எங்கப்பா இடி விழுந்து செத்தவரு அக்கா."

அவள் நாலாம் வகுப்புப் படித்தபோது நடந்தது அது. பின்னேரம் கொழுந்து நிறுக்கிற நேரம். அப்பா மலையிலிருந்து சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். மழை பிடித்ததும் பெண்கள் மடுவக் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். அவர் கடைசிச் சாக்கு நனையக்கூடாதென்று சவுக்கு மரத்தடியில் ஒதுங்கினார். சுகந்தினி லயத்து வீட்டில் இருந்தாள். சத்தத்தை மட்டும் கேட்டாள். அதன்பிறகு மடுவத்துப் பக்கமிருந்து பெண்கள் கத்துவது கேட்டது.

அப்பா போன துக்கத்தைவிட, போன விதம் அந்த வீட்டை அதிகம் துரத்தியது. சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து உன் தலையில இடி விழ என்று சபிப்பது தோட்டத்தில் வழக்கம். அந்தச் சாபம் பலித்த வீடாக அவர்கள் வீடு ஆனது. யார் வயிறெரிந்து சொன்னதோ, என்ன பாவம் செய்தார்களோ என்று பேசினார்கள். சுகந்தினியின் அக்காவுக்கு முடிவாகிப்போன ஒரு சம்பந்தம் அந்தப் பேச்சால் கலைந்தது. அதனால் சுகந்தினிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மா ரத்தினம்மா தோட்டத்துக்கு வெளியே, டவுன் பக்கமாகப் பார்த்தார். அப்பா எப்படித் தவறினார் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்.

"அவருகிட்ட நானும் காய்ச்சல்னுதான் சொன்னேன்" என்றாள் சுகந்தினி. "இந்தப் படத்தக் கொண்டுபோய் எங்க வீட்டுல மாட்டினா அம்மா என்ன செய்வாங்க? அம்மா அன்னைக்கு மடுவத்துல நின்னவங்க."

பாயிஸாவுக்கு, மின்னல் கிட்ட விழுவதைப் பற்றி லோகேஸ்வரனிடம் தான் விளையாட்டாகச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து வாய் கசந்தது. கணினியில் அந்தப் படத்தைத் திறந்தாள். மின்னல் வைத்த அடுக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள், பக்கத்தில் ஒரு சின்னக் கண் அடையாளம். அதை அமுக்கியதும் மின்னல் இல்லை, மேகத்து வெளிச்சமில்லை, தோளில் கோடும் இல்லை. பழைய வானம் மட்டும் இருந்தது.

"அவ்வளவுதான். எடுத்தாச்சி."

சுகந்தினி திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். பாயிஸா போட்டாள். எடுக்கச் சொன்னாள், எடுத்தாள். இன்னொரு தடவையும் போடச் சொன்னபோது அவள் முகத்தில் முதலில் இருந்த பயம் இல்லை. ஏதோ ஒன்றை உற்றுப் படிப்பவளைப் போல இருந்தாள்.

பிறகு, கொம்பியூட்டர் பழுதாகிவிட்டது, மின்னல் போட முடியாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பாயிஸா யோசித்தாள். சுவரிலிருந்து படத்தை இறக்குவேன், மின்னலையும் எடுப்பேன், ஆனால் அந்தப் பொய்யை நான் சொன்னால் நிற்காது என்றாள். லோகேஸ்வரன் வேலை முடிந்த படத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

"நீங்கதான் சொல்லணும் தங்கச்சி. இன்னொருத்தர் வாயால தெரிய வந்தா அது வேற மாதிரி ஆகிரும்."

சுகந்தினி குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக்கொள்ளவும் மறந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து இருவரும் ஒன்றாக வந்தார்கள். எதற்கென்று லோகேஸ்வரனுக்குத் தெரியாது என்பது அவன் வந்த வேகத்திலேயே புரிந்தது. சுவர் வெறுமையாக இருப்பதைப் பார்த்துச் சத்தமாகவே விசாரித்தான். செல்லச்சாமி பாயிஸாவைப் பார்த்தார். பாயிஸா சுகந்தினியைப் பார்த்தாள்.

சுகந்தினி நின்றபடியே சொன்னாள். வீட்டில் சொல்ல இரண்டு தடவை முயன்றதாகவும், மாமியார் அருகிலேயே இருந்ததால் வாய் வரவில்லை என்றும் சொன்னாள். அப்பா, மரத்தடி, காய்ச்சல் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. லோகேஸ்வரன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கை மேசையிலிருந்த ஒரு அல்பத்தின் மூலையைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தது.

"இடி விழுந்துச்சுன்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள் அவள். "அக்காவ வேணாம்னவங்களும் நல்ல ஆளுங்கதான்."

அவன் அல்பத்தைத் தள்ளிவைத்தான். படியிறங்கிப் போய்விட்டான். அவளைக் கூப்பிடவில்லை. செல்லச்சாமி தேத்தண்ணி வரவழைத்தார். சுகந்தினி அதைக் குடித்துவிட்டு, அம்பிட்டிய பஸ்ஸுக்குத் தனியாகப் போனாள்.

அடுத்த சில நாட்கள் பாயிஸாவுக்கு வேலை ஓடவில்லை. தன்னால்தானே வந்தது என்ற எண்ணம் விடவில்லை. அந்த மின்னலைக் கொஞ்சம் கவனமில்லாமல் செய்திருந்தால், முதலில் செய்ததுபோல ஒட்டின நூலாகவே விட்டிருந்தால், அந்தப் பிள்ளை பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்குமோ என்று நினைத்தாள். செல்லச்சாமியிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருத்தி தண்ணீர்ப் பீலியடியில் சண்டை போட்டு அந்த மாப்பிள்ளைக்குச் சொல்லியிருப்பாள், அதைவிட இது மேல் என்றார்.

லோகேஸ்வரன் தனியாக வந்தபோது தீபாவளி நெருங்கியிருந்தது. முகம் கொஞ்சம் இறுகியிருந்தாலும் பேச்சில் கோபமில்லை. அன்று இங்கிருந்து போய் அம்மாவிடம் கேட்டானாம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம், தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.

"எங்கம்மாவுக்கு முதல்லயே தெரியும் அக்கா. பொண்ணு பார்க்கப் போறதுக்கு முந்தியே மடுல்கெல்லயில விசாரிச்சிருக்காங்க. தெரிஞ்சா நான் பயப்படுவேன்னு எனக்குச் சொல்லலையாம். ரெண்டு அம்மாவும் மாறி மாறி மறைச்சிருக்காங்க. தெரியாம இருந்தவன் நான் ஒருத்தன்தான்."

மின்னல் இல்லாமலே அந்தப் படத்தைத் தருகிறேன் என்றாள் பாயிஸா. அவன் தலையாட்டினான். பிறகு, அன்று பிடித்த மற்றப் படங்களையும் பார்க்கலாமா என்று கேட்டான். பாயிஸா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பெரும்பாலும் பாறைமேல் நின்றவை. கடைசியில், வேண்டாமென்று ஒதுக்கிய சில இருந்தன. மழை விழத் தொடங்கியதும் எல்லாரும் வேனுக்கு ஓடியபோது செல்லச்சாமி நடந்துகொண்டே அமுக்கியவை. ஒன்றில் சுகந்தினி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, லோகேஸ்வரனின் கையைப் பிடித்து இறக்கத்தில் இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் தேயிலையெல்லாம் கலங்கியிருந்தது. அவன் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை. பாதையை மட்டும் பார்த்திருந்தாள்.

"அன்னைக்கு இவளோட நான் சண்டை" என்றான் லோகேஸ்வரன். "இன்னும் ரெண்டு படம் பிடிச்சிட்டுப் போவோம்னு நான் நின்னேன். இவ கேட்கவே இல்ல, இழுத்துட்டு வந்துட்டா. கலியாணமாகி ஒரு வாரம், அதுக்குள்ள இப்படி அடம் பிடிக்கிறாளேன்னு நினைச்சேன்."

அந்தப் படத்தையே பெரிதாக்கச் சொன்னான். தெளிவில்லை என்று செல்லச்சாமி முகம் சுளித்தார். தன் கடைப் பெயர் போட்டு அப்படி ஒன்றை வெளியே விட அவருக்கு மனமில்லை. லோகேஸ்வரன் விட்டுக்கொடுக்கவில்லை. பாயிஸா முகங்களை முடிந்தவரை கூர்மைப்படுத்தினாள். வானத்தைத் தொடவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் இருவரும் வந்து சட்டம் போட்ட படத்தை வாங்கினார்கள். மடுல்கெல்லைக்குப் போகும் வழி என்று கையில் பலகாரப் பெட்டியும் புதுச்சேலைப் பையும் இருந்தன. வெளியே தூறிக்கொண்டிருந்தது. செல்லச்சாமி படத்தைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டினார். லோகேஸ்வரன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான்.

சுகந்தினி பின்தங்கினாள். மின்னல் வைத்த படம் இன்னும் இருக்கிறதா, அதில் ஒரு சின்னப் பிரதி கிடைக்குமா என்று பாயிஸாவிடம் கேட்டாள். பாயிஸா திகைத்துப்போனாள். அது முழுக்கப் பொய் என்றும், வேறொரு நாள் ஹந்தானையில் விழுந்த மின்னல் என்றும், மேகத்து வெளிச்சம்கூடத் தான் தீட்டியது என்றும் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் சுகந்தினி. "அப்பா எப்படிப் போனாருன்னு அம்மா எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. கேட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் சத்தத்த மட்டும்தான் கேட்டேன், அவங்க பார்த்தவங்க. இதக் காட்டி, இப்படியா இருந்துச்சுன்னு கேட்கலாம். இல்லன்னா இல்லன்னு சொல்லுவாங்கல்ல. அப்படியாவது பேசுவாங்க."

பாயிஸா அஞ்சலட்டை அளவில் ஒன்றை அச்சடித்து, காயும்வரை விசிறி, காகித உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். சுகந்தினி அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்து, ஸிப்பை இழுத்து மூடினாள். கீழேயிருந்து லோகேஸ்வரன் பஸ் போய்விடும் என்று கூப்பிட்டான். அவள் படியிறங்கிப் போனாள். பாயிஸா ஜன்னலால் பார்த்தபோது இருவரும் ஒரே குடையில் பெரிய படத்தை நடுவில் பிடித்துக்கொண்டு, வாகனங்களுக்கு ஊடாக வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள்.